டிவியில் கிளவுட் கேமிங்: கன்ட்ரோலர் தாமதத்தைத் தேடியபோது

மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டில், கன்சோல் எதுவும் இல்லாமல், டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் ஒன்றின் வழியாகக் கிளவுட் கேமிங் ஆடிப் பார்த்து வருகிறேன். விளையாட்டு தொலைவில் உள்ள சர்வரில் ஓடுகிறது. நமக்கு வருவது வீடியோ, நாம் அனுப்புவது பொத்தான் அழுத்தங்கள் மட்டுமே. ஆகவே இணைய வேகம் ஓர் அளவுக்கு மேல் தேவைப்படுவதில்லை. ஜிஃபோர்ஸ் நவ் சேவை, நொடிக்கு 60 ஃபிரேம் வீதம் 720பி படத்துக்கு 15 எம்பிபிஎஸ், 1080பி படத்துக்கு 25 எம்பிபிஎஸ் கேட்கிறது. எங்கள் ஃபைபர் இணைப்பு 50 எம்பிபிஎஸ்.

ஆனாலும் கார் பந்தயத்தில் கன்ட்ரோலரின் திசைக் குச்சியை விட்ட பிறகும் கார் திரும்பிக்கொண்டே போனது. அப்போது படம் தெளிவாகவே இருந்தது என்பதுதான் முக்கியமான தடயம். இணையம் தடுமாறினால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும், ஒலி விட்டுவிட்டு வரும்; படம் சீராக ஓடக் கட்டுப்பாடு மட்டும் நழுவினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கன்ட்ரோலரின் புளூடூத்தை.

புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். எங்கள் ஸ்டிக் வைஃபைக்கும் அதே அலைவரிசையைப் பிடித்திருந்தது. போதாததற்கு டிவியின் பின்புறம் ஒளிந்து கிடந்தது. வைஃபையின் நிலையைத் தனியே அறிய, டிவிக்குப் பக்கத்தில் விண்டோஸ் லேப்டாப்பை வைத்து ரூட்டருக்கே பிங் அனுப்பினேன்:

```
ping -n 100 192.168.1.1
```

2.4-இல் விடை 3 மில்லிவினாடிக்கும் 90-க்கும் இடையே ஊசலாடியது. 5 கிகாஹெர்ட்ஸில் 5-ஐத் தாண்டவில்லை. சர்வர் மும்பையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், மதுரையிலிருந்து அங்கே ஒளியிழையில் போய்த் திரும்பவே குறைந்தது 12 மில்லிவினாடிதான் ஆகும் என்பதை நினைத்தால், வீட்டுக்குள்ளேயே இழக்கும் 90 எவ்வளவு பெரியது என்று புரியும்.

ரூட்டர் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து ஸ்டிக்கை அதில் இணைத்தேன். ஸ்டிக்குடன் பெட்டியில் வந்த குட்டை எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரையும் பொருத்தி, அதை டிவியின் ஓரத்துக்கு வெளியே கொண்டுவந்தேன். இந்த வயரைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். கன்ட்ரோலருக்கும் ஸ்டிக்குக்கும் நடுவே டிவி மறைக்காமல் இருப்பது பெரிய வேறுபாடு தருகிறது.

பிறகு கன்ட்ரோலரைப் புதிதாக இணைத்தேன். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் மேல் விளிம்பில் உள்ள சிறு இணைப்புப் பொத்தானை, நடு விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை சுமார் 3 வினாடி அழுத்தியபடி, ஸ்டிக்கின் Settings பகுதியில் Controllers & Bluetooth Devices என்பதைத் திறந்து புதிய கன்ட்ரோலரைச் சேர்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலர் என்றால் பிஎஸ் பொத்தானையும் கிரியேட் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். இடையில் அதே கன்ட்ரோலரைப் போனுடன் இணைத்தால், டிவிக்குத் திரும்பும்போது மறுபடி இணைக்க வேண்டியிருக்கிறது. முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்களில் புளூடூத் கிடையாது என்பதால், பழையது வாங்குவோர் கவனிக்க வேண்டும்.

கார் இப்போது கை சொன்னபடி நிற்கிறது. டிவியின் கேம் மோடையும் போட்டதில் திரை தரும் தாமதமும் குறைந்தது. எங்கள் ரூட்டருக்கும் டிவிக்கும் இடையே ஒரே செங்கல் சுவர் இருப்பதால் 5 கிகாஹெர்ட்ஸ் தாங்குகிறது. இரண்டு சுவர் தாண்டிய படுக்கையறையில் அது வலுவிழப்பதால், அங்கே லேன் அடாப்டர் வைத்து வயரில் ஓட்டிப் பார்ப்பதே அடுத்த வேலை.