மணிக்கு எத்தனை பஸ் என்று கேட்கப் போவதில்லை

வேகமாக வளரும் ஊர்களின் பேருந்து வசதி பற்றி நாளைக்கு ஒரு பிரசன்டேஷன், கேள்வி கேட்கும் வேலை என் தலையில். மணிக்கு 3 பஸ் என்று ஸ்லைடில் இருக்கும். 20 நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 10 நிமிடம் நிற்பார், சரி. அதே 3 பஸ் நெரிசலில் மாட்டி 5, 5, 50 நிமிட இடைவெளியில் வந்தால்? சராசரிக் காத்திருப்பு 21 நிமிடத்தைத் தாண்டிவிடும், ஏனென்றால் பெரும்பாலானோர் வந்து மாட்டுவது அந்த 50 நிமிடத்தில்தான். முதலில் வரும் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும், ஏற்றி இறக்கியே அது இன்னும் தாமதமாகும், பின்னால் வருவதோ காலியாக ஒட்டிக்கொண்டே வரும். அதனால் என் கேள்வி இதுதான்: இடைவெளியை நிறுத்தத்தில் நின்று அளந்தீர்களா, இல்லை அட்டவணையைப் பார்த்து எழுதினீர்களா? அப்புறம், அளந்தது எந்த நேரத்தில், காலை நெரிசலிலா மதியத்திலா?