நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி

நவம்பர் 24, 2025, திங்கள்

மாசக் கடைசி வாரம். போனில் லோன் விற்கிற வேலை; 15 லட்சம் டார்கெட்டில் 9 லட்சம்தான் முடிந்திருக்கிறது. போன வாரம் நான் பேசி ஓகே வாங்கிய கஸ்டமர் காலையில் கூப்பிட்டார். "வருஷத்துக்கு 12 பர்சன்ட்னு சொன்னீங்க, கையெழுத்துக்கு வந்த தாள்ல 23-ன்னு போட்டிருக்கேம்மா?" கடனின் முழுச் செலவையும் ஒரே வருட விகிதமாகக் காட்டும் அந்தத் தாளை ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்கிரிப்டில் இருப்பது "நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டிதான் சார்" என்ற வரி மட்டும்.

நவம்பர் 25

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2 லட்சம், 3 வருஷம், 12 சதவீதம் ஃபிளாட். வட்டி 72,000. மாசத் தவணை 7,556. ஊரில் ஒரு வட்டிக்கு வாங்கினால், அசலில் பாதி கட்டிவிட்டால் மீதிப் பாதிக்குத்தான் வட்டி. இங்கே கடைசி மாசம் அசல் பாக்கி 5,556 ரூபாய்தான், அப்போதும் முழு 2 லட்சத்துக்கான 2,000 ரூபாய் வட்டி போகிறது. குறைகிற அசலுக்கு என்று பார்த்தால் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஊர்ப் பேச்சில் ஒன்றே முக்கால் வட்டி. பிராசஸிங் ஃபீஸ் 4,000, அதற்கு ஜி.எஸ்.டி. 720 போகக் கையில் வருவது 1,95,280. அதையும் சேர்த்தால் 23.

நவம்பர் 27

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மில் சூப்பர்வைசர். ஊரில் ஒன்றரை வட்டிக்கு வாங்கிய 2 லட்சத்தை அடைக்க லோன் கேட்டார். "உங்கள்ட்ட ஒரு வட்டிதானே?" என்றார். ஆமாம் என்றால் ஃபைல் லாகின் ஆகிவிடும். வாய் வரவில்லை. "சார், ஊர்க்கடன்ல அசல் கட்டக் கட்ட வட்டி குறையுமா?" என்று கேட்டேன். குறையும் என்றார். "அப்போ இது அதைவிட அதிகம் சார்" என்று கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவேயில்லை. "நல்லாரும்மா" என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 28

நேற்றைய அந்த போன் பேச்சின் ரெக்கார்டிங்கை குவாலிட்டி டீம் கேட்டுவிட்டார்கள். மன்னிக்க முடியாத தப்பு என்று ஃபேட்டல் போட்டு மார்க் பூஜ்யம், மாச இன்சென்டிவ் போச்சு. டீம் லீடர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "டீம் நம்பர் என் தலைல நிக்குதும்மா. எல்லாம் பேப்பர்ல வருது, படிச்சுக்கட்டும்" என்றார். ஸ்கிரிப்டில் தவணையைச் சொல்கிற வரிக்குப் பிறகு மொத்தம் கட்ட வேண்டிய தொகையைச் சொல்லலாமா என்று கேட்டேன். ஸ்கிரிப்டைப் புரட்டினார். தடை எதுவும் இல்லை. "சொல்லிக்கோ, ஆனா ஒப்பிடாத" என்றார்.

நவம்பர் 29, சனி

"மூணு வருஷத்துல மொத்தம் 2,72,000 கட்டணும் சார், கைக்கு வர்றது 1,95,280." இன்று எல்லாரிடமும் இதை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். சாயங்காலம் ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்காகக் கேட்டவர், "இரும்மா, பேனா எடுத்துட்டு வர்றேன், மறுபடி சொல்லு" என்றார்.