மூன்றாவது கேள்வி: சட்டைப் பை எந்தப் பக்கம்?

நேற்று முடிவு வந்தது. ஃபோட்டோஷாப் செய்முறைத் தேர்வின் மூன்றாவது கேள்விக்கு 40க்கு 34. போன முறை இதே கேள்வியில் வாங்கியது 13. இரண்டு முறையும் ஒரே மாதிரி கேள்விதான்: கல்யாண மேடையில் எடுத்த குடும்பப் படம், அதில் வர முடியாமல் போன ஒருவரைச் சேர்க்க வேண்டும், லேயர்களோடு ஃபைலைக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு கேள்விகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவை எல்லோரும் தாண்டிவிடுவதுதான்.

போன முறை நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடைப் படத்தில் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தது. சேர்க்க வேண்டிய சித்தப்பாவின் படம் ஸ்டுடியோவில் எடுத்தது, நல்ல ஷார்ப், ஆனால் வெளிச்சம் வலது பக்கம். அதற்கென்ன என்று Flip Horizontal போட்டேன். மூக்கின் நிழல் சரியான பக்கம் விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. வைவாவில் தேர்வாளர் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சட்டைப் பை எந்தப் பக்கம் தம்பி?" என்றார். வலது பக்கம் இருந்தது. கைக்கடிகாரமும் வலது கையில். வகிடு மாறியிருந்ததை அவர் சொல்லாமலே நான் பார்த்துவிட்டேன்.

புடவை என்றால் இன்னும் மோசம், முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். மூக்குத்தியும் பக்கம் மாறும். சொந்தக்காரர்களுக்குக் காரணம் புரியாமல் போகலாம், ஆனால் "இது அவர் மாதிரியே இல்லையே" என்பார்கள். மனித முகம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. அதனால் ஃப்ளிப் வேண்டாம். என் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சரி, வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருந்தால் என்ன செய்வது? படத்தை மாற்ற வேண்டும். ஃபோல்டரில் ஒரே ஆளின் மூன்று படங்கள் தருவது அதற்காகத்தான், அது போன முறை எனக்கு உறைக்கவில்லை. இந்த முறை மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா பார்த்தேன். ஒன்று ஸ்டுடியோ படம், அழகாக இருந்தது, வெளிச்சம் எதிர்ப்பக்கம். இன்னொன்று உச்சி வெயிலில் எடுத்தது, கண் குழியெல்லாம் கறுப்பு. மூன்றாவது வீட்டு வாசலில் மர நிழலில் யாரோ மொபைலில் எடுத்தது, சப்பென்று இருந்தது. எடுக்க வேண்டியது அந்தச் சப்பென்ற படத்தைத்தான். ஒரு முகத்தில் அழுத்தமான நிழல் விழுந்துவிட்டால் அதைத் துடைப்பது பெரும்பாடு. நிழலே இல்லாத முகத்தில் நமக்கு வேண்டிய பக்கம் நிழலைப் போட்டுக்கொள்ளலாம். நான் வேலை செய்யும் ஸ்டுடியோக்கார அண்ணன் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். காதில் வாங்கியதில்லை.

அடுத்து அளவு. சித்தப்பாவும் அவருடைய அண்ணனும் ஒரே உயரம் என்று கேள்வியிலேயே இருந்தது. இருவரும் ஒரே வரிசை. அண்ணனுக்கு உச்சந்தலையிலிருந்து தாடை வரை 212 பிக்சல், சித்தப்பா படத்தில் 340. ஆக 62 சதவீதம். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டுத்தான் சுருக்கினேன், திரும்பப் பெரிதாக்க வேண்டி வந்தால் தெளிவு போகாது. தோள் அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தலையில் முடி ஏமாற்றும். எக்காரணம் கொண்டும் முன்வரிசைக் குழந்தைகளின் தலையோடு ஒப்பிடாதீர்கள். உடம்புக்கு அவர்கள் தலை பெரிது, கேமராவுக்குக் கிட்டேயும் இருக்கிறார்கள்.

அளவு சரியாக வந்த பிறகும் ஆள் ஒட்டாமல் நின்றால் கேமரா உயரத்தைச் சந்தேகப்படுங்கள். மேடைக் கம்பளத்தின் இரண்டு ஓரங்களையும் கோடாக நீட்டினேன். அவை சந்தித்த இடம் நிற்பவர்களின் மார்பு மட்டம். கேமரா அந்த உயரத்தில் இருந்திருக்கிறது. வாசல் படத்தில் திண்ணை ஓரத்தையும் சுவர்க் கோட்டையும் நீட்டினால் அதுவும் மார்புக்கு வந்தது, தப்பித்தேன். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து எடுத்த படம் என்றால் தரை சாய்ந்து தெரியும், உச்சந்தலை அதிகம் தெரியும். அதை எந்த ஸ்கேலிங்கும் சரி செய்யாது. முகத்துக்குக் கிட்டே வைத்து எடுத்த செல்ஃபியும் அப்படித்தான். மூக்கு பெரிதாகி, காது பின்னால் போயிருக்கும்.

இப்போது வெளிச்சம். நிறத்தைத் தொடுவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White லேயர் வைத்தேன். நிறம் போய்விட்டால் பொய் சொல்ல முடியாது, யார் தனியாகத் தெரிகிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். இந்த முறையும் மேடை வெளிச்சம் இடது பக்கத்திலிருந்துதான். சித்தப்பா மீது ஒரு Curves லேயரை கிளிப் செய்து இருட்டாக்கி, அதன் மாஸ்க்கைக் கறுப்பால் மூடிவிட்டு, வெள்ளை பிரஷ்ஷால் படத்தில் வலது பக்கம் இருக்கும் கன்னம், மூக்கின் அந்தப் பக்க ஓரம், தாடைக்குக் கீழே, அந்தப் பக்கக் கைக்கும் உடம்புக்கும் நடுவே என்று மெதுவாகத் தடவினேன். ஃப்ளோ 10 சதவீதம் போதும். பக்கத்தில் நிற்கும் அண்ணன் கன்னம் எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு தடவல் கூட வேண்டாம்.

நிறத்துக்கு நான் செய்தது இவ்வளவே:

- வெள்ளைக்கு வெள்ளை. அண்ணன் வேட்டி R 236, G 226, B 205. சித்தப்பா சட்டை R 214, G 222, B 235. மர நிழல் என்பதால் நீலம் ஏறியிருந்தது. Curves-இல் ஒவ்வொரு சேனலாகப் போய் 214ஐ 236க்கும், 222ஐ 226க்கும், 235ஐ 205க்கும் நகர்த்தினேன்.
- கறுப்புக்குக் கறுப்பு. மேடையில் தலைமுடியின் ஆழமான இடமே R 38, G 30, B 26. சித்தப்பாவுக்கு 14, 15, 20. அதையும் தூக்கினேன். ஒட்டவைத்த படம் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த அதிகக் கறுப்புதான்.
- தோலுக்குத் தோல் பொருத்தாதீர்கள். அண்ணனும் தம்பியும் ஒரே நிறம் என்று யார் சொன்னது?
- சுருக்கிய படம் பக்கத்தில் இருப்பவர்களைவிடக் கூர்மையாக நிற்கும். Gaussian Blur 0.6, அப்புறம் கொஞ்சம் Add Noise, Monochromatic டிக் செய்து. 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்து.

கால் ஒரு தொல்லை. மேடையில் எல்லோரும் வெறுங்கால், சித்தப்பா மட்டும் செருப்போடு. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் பாவாடை நன்றாக விரிந்திருந்தது. மேடைப் படத்தின் நகல் ஒன்றை மேலே வைத்து, மாஸ்க்கில் அந்தப் பாவாடையையும் அண்ணன் தோளையும் மட்டும் விட்டேன். செருப்பு மறைந்தது, சித்தப்பா வரிசைக்குள் போய் நின்றார். அண்ணன் தோள் சித்தப்பா சட்டையைத் தொடும் இடத்தில் Multiply-இல் மெல்லிய நிழல். சுத்தக் கறுப்பு இல்லை, மேடையில் அண்ணன் பக்கத்தில் நின்ற அத்தைக்கும் அவருக்கும் நடுவே இருந்த நிழலிலிருந்தே எடுத்த பழுப்பு.

இந்த முறையும் அதே தேர்வாளர். பெரிதாக்கி முதலில் சட்டைப் பையைத்தான் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

போன 6 மதிப்பெண் எங்கே என்று நேற்று ராத்திரி ஃபைலைத் திறந்து பார்த்தேன். காலருக்குக் கீழே, கழுத்தோரம், லேசாகப் பச்சை. வாசல் மரத்தின் பச்சை, துடைக்காமல் விட்டிருக்கிறேன்.