ஒரே போர்டில் ஆன்-கால் டிக்கெட்டுகளையும் ஃபீச்சர் வேலையையும் பிரித்தபோது

ஸ்பிரிண்ட் பாதி ஓடியிருக்கும். `In Progress` நெடுவரிசையில் பதினைந்து கார்டுகள் நிற்கும். அதில் எது பிளானிங்கில் ஒப்புக்கொண்டது, எது நேற்றிரவு அலர்ட் அடித்ததால் வந்தது என்று போர்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி, ஆபரேஷன்ஸுக்குத் தனி போர்டு போடுவது. அது எங்களுக்கு ஒத்துவரவில்லை. வேலை செய்யும் ஆட்கள் ஒரே ஆட்கள்தான். இரண்டாவது போர்டை ஆன்-காலில் இருப்பவரைத் தவிர யாரும் திறப்பதில்லை. ஃபீச்சர் ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்பவருக்கு அந்தக் காரணம் கண்ணில் படுவதும் இல்லை. அதனால் போர்டு ஒன்றாகவே இருக்கட்டும், உள்ளே பிரிப்போம் என்று முடிவு செய்தோம். இங்கே சொல்வதெல்லாம் ஜிராவில், கம்பெனி-மேனேஜ்டு ஸ்க்ரம் போர்டுக்கு.

முதல் கேள்வி, எதை வைத்துப் பிரிப்பது. லேபிள் போடுவது சுலபம். ஆனால் ஒருவர் `oncall` என்பார், இன்னொருவர் `on-call` என்பார், அவசரத்தில் மற்றவர் எதுவுமே போடமாட்டார். டிக்கெட் வகை அப்படியில்லை: அது எப்போதும் நிரம்பியிருக்கும், ஒரே ஒரு மதிப்புதான் இருக்கும். ஆகவே `Ops` என்று ஒரு வகை சேர்த்தோம். அலர்ட் கருவி தானாக உருவாக்கும் டிக்கெட்டுகளுக்கும் இதே வகையை அமைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவை `Task` ஆக வந்து ஃபீச்சர் வேலையோடு கலந்துவிடும்.

புது வகைக்குப் புது வொர்க்ஃப்ளோ தேவையில்லை, `Story` பயன்படுத்தும் அதே வொர்க்ஃப்ளோ போதும். தனி வொர்க்ஃப்ளோவில் "வெளி டீமுக்காகக் காத்திருக்கிறது" போன்ற புது ஸ்டேட்டஸ் சேர்த்து, அதை எந்த நெடுவரிசையோடும் இணைக்க மறந்தால், அந்த ஸ்டேட்டஸுக்குப் போன கார்டு போர்டிலிருந்தே காணாமல் போகும். டிக்கெட் எங்கும் போகவில்லை, போர்டுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வொர்க்ஃப்ளோ ஒன்றாக இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு: தவறாக வகைப்படுத்திய டிக்கெட்டை ஸ்டேட்டஸ் சிக்கல் இல்லாமல் மாற்றிவிடலாம்.

அடுத்து ஸ்விம்லேன். போர்டு செட்டிங்ஸில் `Swimlanes` போய் `Queries` தேர்ந்தெடுத்து, மேலிருந்து கீழாக இப்படி வைத்தோம்:

```
issuetype = Ops AND priority in (Highest, High)
issuetype = Ops
issuetype in (Story, Task, Bug)
```

வரிசை முக்கியம். ஒரு கார்டு தனக்குப் பொருந்தும் முதல் லேனில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது வரியை மேலே ஏற்றினால் அவசர லேன் எப்போதும் காலியாகவே இருக்கும். எதற்கும் பொருந்தாதவை அடியில் உள்ள `Everything Else` லேனில் விழும். அதை ஒரு வடிகட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே கார்டு தெரிந்தால் எங்கோ வகை தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

அங்கே முதலில் வந்து விழுபவை சப்-டாஸ்க்குகள். தாய் டிக்கெட் `Ops` ஆக இருந்தாலும், பிள்ளையின் வகை `Sub-task` தான், லேன் வினவல் தாயைப் பார்ப்பதில்லை. ஆட்டோமேஷன் மூலம் தாயைப் பார்த்துப் பிள்ளைக்கு ஒரு லேபிள் ஒட்டி, வினவலில் அந்த லேபிளையும் சேர்க்கலாம். நாங்கள் அதைவிட எளிய விதியை எடுத்தோம்: `Ops` டிக்கெட்டில் சப்-டாஸ்க் கிடையாது. உடைத்துப் பிரிக்கும் அளவுக்குப் பெரிய வேலை என்றால் அது திட்டமிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

லேபிளை வைத்தே பிரிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபீச்சரை மட்டும் காட்ட `labels != ops` என்று குயிக் ஃபில்டர் எழுதினால், லேபிளே இல்லாத கார்டுகளும் மறைந்துவிடும். வெற்றுப் புலத்தை `!=` கணக்கில் எடுப்பதில்லை. ஃபில்டரை அழுத்தியதும் போர்டு ஏறக்குறைய காலியானால் இதுதான் காரணம். சரியான வடிவம்:

```
labels is EMPTY OR labels not in (ops)
```

லேன் பிரித்ததோடு வேலை முடிந்துவிடாது. நெடுவரிசைக்கு வைக்கும் அதிகபட்ச எண்ணிக்கையை ஜிரா எல்லா லேன்களையும் சேர்த்தே எண்ணும், லேனுக்குத் தனி வரம்பு வைக்க இடமில்லை. வரம்பு 8 என்றால், மூன்று ஆன்-கால் கார்டுகள் வந்ததும் ஃபீச்சருக்கு ஐந்துதான் மிச்சம். ஆகவே லேன் பெயரிலேயே "ஆன்-கால், ஒரே நேரத்தில் 2" என்று எழுதிவிட்டு, அந்த லேனில் வழக்கமாக அந்த வாரத்து ஆன்-கால் நபரின் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். வேறு பெயர் தெரிந்தால் வேலை வழிந்து மற்றவர் நேரத்தைத் தின்கிறது என்று உடனே புரியும். தொடர்ந்து சில ஸ்பிரிண்டுகள் அப்படி வழிந்தால் ஒருவர் போதவில்லை, அடுத்த பிளானிங்கில் இன்னும் அரை ஆளை ஒதுக்க வேண்டும்.

பிளானிங்கில் ஆன்-கால் நபரின் திறனைப் பூஜ்யமாக வைப்பதுதான் நேர்மையான கணக்கு. ஆறு பேர் டீம் என்றால் ஐந்து பேருக்கு மட்டும் ஃபீச்சர் எடுக்க வேண்டும். அலர்ட் இல்லாத அமைதியான நாளில் அவர் ரன்புக் திருத்தலாம், வீணாகக் கத்தும் அலர்ட்டுகளைச் சரிசெய்யலாம். புது ஃபீச்சர் கார்டைத் தொடக்கூடாது. தொட்டால் அடுத்த அலர்ட்டில் அது பாதியில் நிற்கும், அதன் ரிவ்யூவுக்குக் காத்திருப்பவரும் நிற்பார்.

ஸ்க்ரம் போர்டில் தெரிய வேண்டுமானால் டிக்கெட் நடப்பு ஸ்பிரிண்டில் இருக்க வேண்டும். நடுவில் சேர்த்தவை `Sprint Report` பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு வரும், அது நல்லதே. ஆனால் `Ops` டிக்கெட்டுக்கு ஸ்டோரி பாயிண்ட் போடாதீர்கள். போட்டால் வெலாசிட்டி ஊதிப்போய், அலர்ட் அதிகம் வந்த ஸ்பிரிண்ட் சிறப்பாக ஓடியதுபோலக் காட்டும்.

எல்லைக்கோடு எங்கே என்பதில்தான் அதிகம் தடுமாறுவார்கள். ஒரு உதாரணம்: ஒரு சர்வரில் `/var` 90 சதவீதம் நிரம்பி அலர்ட் வருகிறது. ஆன்-கால் நபர் பழைய லாக் கோப்புகளைச் சுருக்கி இடம் பிடிக்கிறார். பார்த்தால், ஒரு சர்வீஸ் `DEBUG` அளவில் எழுதிக்கொண்டிருக்கிறது. அதைத் தற்காலிகமாக `INFO` ஆக்குகிறார். அலர்ட் அடங்கியது, கைமாற்றுக் குறிப்பு எழுதியாயிற்று, `Ops` டிக்கெட் இங்கே மூடப்பட வேண்டும். டெப்லாய் டெம்ப்ளேட்டில் லாக் அளவையும் சுழற்சியையும் நிரந்தரமாகத் திருத்துவது புதிய `Task`. அதை `relates to` என்று இணைத்து பேக்லாகில் வைத்து மதிப்பிட்டு எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் வைத்தால் அது வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும், அடுத்த ஆன்-கால் நபர் தலையில் விழும், `Control Chart` காட்டும் நேரமும் அர்த்தமில்லாமல் போகும்.

ஆன்-கால் பொறுப்பைக் கைமாற்றும்போது இதை ஓட்டிப் பாருங்கள்:

```
issuetype = Ops AND statusCategory != Done AND created <= -3d
```

வார இறுதியும் நாளாகவே எண்ணப்படும் என்பதை நினைவில் வையுங்கள். வெளியே வருபவை பெரும்பாலும் யாருக்காகவோ காத்திருப்பவை, அல்லது உண்மையில் பேக்லாகுக்குப் போக வேண்டியவை.

எதிர்த்திசையிலும் கசிவு உண்டு: வரிசையைத் தாண்ட நினைத்து ஃபீச்சர் கோரிக்கையை `Ops` என்று பதிவார்கள். அலர்ட் அடித்ததா, இந்த நிமிடம் யாராவது வேலை செய்ய முடியாமல் நிற்கிறார்களா என்று கேட்கிறோம். இரண்டுக்கும் இல்லை என்றால் ஆன்-கால் நபரே வகையை மாற்றி, டிக்கெட்டைப் பேக்லாகுக்கு அனுப்பிவிடுவார்.

பெரிய இன்சிடெண்ட் வந்து டீம் முழுதும் இறங்க வேண்டிய நாளில் இந்த வரம்புகள் தாங்காது. அன்று ஆன்-கால் லேனில் பல பெயர்கள் இருக்கும், இருக்கட்டும். அடங்கிய மறுநாள் காலையில் அதற்கு ஈடான ஃபீச்சர் கார்டுகளை ஸ்பிரிண்டிலிருந்து எடுத்து, எவற்றை எடுத்தோம் என்பதை அந்த ஃபீச்சர்களைக் கேட்டிருந்தவர்களிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.