ஒரே போனில் விசிலும் என் குரலும்

எங்கள் தூத்தூர் கரையில் கால்பந்து இல்லாத மாலை அபூர்வம். மணலில் விளையாடி வளர்ந்தவர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் போனாலும், வெளிநாட்டுக்குப் போனாலும் பந்தை விடுவதில்லை. அவர்களுக்காகத்தான் மொபைல் கால்பந்து விளையாட்டை நேரலையில் விளையாடி, நானே தமிழில் வர்ணனை சொல்லத் தொடங்கினேன். கம்ப்யூட்டர் கிடையாது. இருந்தது ஆண்ட்ராய்டு போன் ஒன்றுதான். மைதானத்தின் இரைச்சலும் நடுவரின் விசிலும் பின்னால் ஒலிக்க, என் குரல் முன்னால் நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை. அது சரியாக அமைய மூன்று வாரம் பிடித்தது.

முதல் நாள் பழைய போனில் முயன்றேன். அதில் ஆண்ட்ராய்டு 9 இருந்தது. விளையாட்டின் ஒலியை ஸ்பீக்கரில் சத்தமாக வைத்து, அதே போனின் மைக்கில் பேசினேன். பதிவைக் கேட்டபோது கூட்டத்தின் ஆரவாரம் பக்கத்து வீட்டில் ஓடும் டிவி போல மங்கலாக இருந்தது. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அது உள்வாங்கிப் பிறகு பொங்கி வந்தது. போனில் உள்ள இரைச்சல் குறைப்பு, ஸ்பீக்கரிலிருந்து வருவதை வேண்டாத சத்தமாக எண்ணி வெட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரிலிருந்து காற்று வழியாக மைக்குக்குப் போகும் ஒலியை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஒரு ஆப் எழுப்பும் ஒலியை இன்னொரு ஆப் போனுக்குள்ளேயே நேரடியாக எடுத்துக்கொள்ளும் வசதி, 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10இல்தான் எல்லா ஆப்களுக்கும் திறக்கப்பட்டது. எனவே போனை மாற்றினேன். புதிய போனில் நேரலை ஆப்பைத் தொடங்கியதும், திரையில் தெரிவதைப் பதிவு செய்யலாமா என்று ஓர் அனுமதி கேட்டது. விளையாட்டின் ஒலியும் அந்த அனுமதியின் வழியாகவே வருகிறது. மைக்குக்கு அனுமதி தனி. இரண்டில் ஒன்றை மறுத்தாலும் அந்த ஒலி நேரலையில் இருக்காது.

இந்த வசதி எல்லா ஒலியையும் எடுத்துவிடாது. விளையாட்டு, பாட்டு, வீடியோ ஆகியவற்றின் ஒலி வரும். போன் அழைப்பில் எதிர்முனையில் பேசுபவரின் குரல் வராது. தன் ஒலியை மற்ற ஆப் எடுக்கக் கூடாது என்று ஒரு விளையாட்டைத் தயாரித்தவர்களே தடுத்துவைத்திருந்தால் அதுவும் வராது. நான் முதலில் தேர்ந்தெடுத்த விளையாட்டில் படம் ஓடியது, என் குரல் இருந்தது, மைதானம் மட்டும் ஊமையாக இருந்தது. அமைப்புகளை ஒரு மணி நேரம் புரட்டிய பிறகு, அதே நேரலை ஆப்பில் வேறொரு விளையாட்டைத் திறந்து பார்த்தேன். அதன் ஒலி சுத்தமாக வந்தது. அப்படியானால் தடை விளையாட்டில் இருக்கிறது, என் போனில் இல்லை. இந்தச் சோதனையை முதலில் செய்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

அடுத்து வந்தது ஒரு விசித்திரமான ஒலி. விசில் ஒவ்வொரு முறையும் இரட்டையாக, குடத்துக்குள் ஊதுவது போல் கேட்டது. காரணம் எளியதுதான். போனுக்குள்ளிருந்து ஒலி நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கரையும் நான் அணைக்கவில்லை. அதனால் அதே விசில் மைக் வழியாக, கண் சிமிட்டும் நேரம் பிந்தி, இரண்டாம் முறை நேரலைக்குள் நுழைந்தது. குடத்துக்குள் ஊதும் இந்த ஒலி கேட்டால் வேறெதையும் தேட வேண்டாம், ஸ்பீக்கர் ஓடுகிறது என்றே பொருள். இயர்போன் மாட்டியதும் நின்றுவிட்டது.

இயர்போனில் எது என்பதும் முக்கியம். என்னிடம் புளூடூத் இயர்போன்தான் இருந்தது. அதன் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அது அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். அப்போது குரல் தொலைபேசிக் குரலாகச் சுருங்கும், காதில் விழும் மைதான ஒலியும் தரம் இறங்கிவிடும். மைக்கைப் போனிலேயே விட்டுவிட்டுக் கேட்பதற்கு மட்டும் புளூடூத்தை வைத்துப் பார்த்தேன். அதிலும் ஒலி காதுக்கு வந்து சேரத் தாமதமாகிறது. பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பிறகுதான் பட்ட சத்தம் எனக்குக் கேட்கிறது. பார்ப்பவர்களுக்கோ அந்தச் சத்தம் படத்தோடு சேர்ந்தே போய்விடுகிறது. சத்தத்தை நம்பி வர்ணனை சொன்னால் என் குரல் ஆட்டத்துக்குப் பின்னால் ஓடுகிறது.

போனின் சொந்த மைக்கிலும் ஒரு சிக்கல் இருந்தது. முக்கிய மைக் பெரும்பாலும் போனின் அடிப்பக்கத்தில், சார்ஜர் துளைக்கு அருகில் இருக்கும். விளையாடுவதற்குப் போனைப் படுக்கை வாட்டில் பிடித்தால் அந்த மைக் நேராக வலது உள்ளங்கைக்குள் போய்விடுகிறது. பதிவில் என் கட்டைவிரல் பொத்தானைத் தட்டும் ஒவ்வொரு தட்டும் சுத்தியல் அடியாகக் கேட்டது. போனை மறுபக்கம் திருப்பினால் அது இடது கைக்குள் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனவே மார்த்தாண்டத்தில் ஒரு கடையில், கம்பியில் மைக் உள்ள சாதாரண இயர்போன் ஒன்று வாங்கினேன். மைக் வாய்க்கு ஒரு சாண் கீழே, மார்பின் நடுவில் தொங்கும். சட்டைக் காலரில் உரசினால் கரகரக்கிறது என்பதால், துணி காயப்போடும் கிளிப் ஒன்றால் கம்பியைச் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் பிடித்துவைத்தேன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தெரு மட்டுமே. ஆனி, ஆடியில் காற்று சன்னல் வழியாக நேரே மைக்கில் மோதி அடிவயிற்றிலிருந்து உறுமுவது போல் ஒலிக்கும். இப்போது சன்னலை மூடிவிட்டு, மைக்கின் மேல் சிறு பஞ்சுறையும் மாட்டிவிடுகிறேன்.

கருவிகள் ஒழுங்கான பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. அதுதான் அளவு. ஒலியின் அளவைப் போன் எண்களாக வைத்துக்கொள்கிறது. வழக்கமான 16 பிட் ஒலியில் உச்சம் 32767. இரண்டு ஒலியைக் கலப்பது என்றால் அந்த எண்களைக் கூட்டுவதுதான். நான் உரக்கக் கத்தும்போது என் குரல் 24000 வரை போகிறது, கோல் விழுந்த ஆரவாரம் 20000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் வந்தால் 44000. அதற்கு இடமில்லை. மிஞ்சியதை அப்படியே வெட்டிவிடுவதால் கிழிந்த ஸ்பீக்கர் போன்ற சத்தம் வரும். ஆரவாரத்தைக் கால் பங்காக்கினால் அது 5000 ஆகும். கூட்டினால் 29000, உச்சத்துக்குள் அடங்கிவிடும். கோல் விழும் கணத்தில்தான் நானும் கத்துகிறேன், கூட்டமும் கத்துகிறது. அதனால் சாதாரண நேரத்தில் எல்லாம் நன்றாக இருந்து, கோல் விழும்போது மட்டும் ஒலி கிழிந்தால் காரணம் இதுதான்.

நேரலை ஆப்பில் மைக்குக்கு ஒன்றும் ஆப் ஒலிக்கு ஒன்றுமாக இரண்டு நகர்த்திகள் இருக்கின்றன. விளையாட்டின் ஒலியைக் குறைக்க முதலில் போனின் பக்கப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். என் காதில் குறைந்தது, நேரலையில் அப்படியே இருந்தது. என் போனில் அந்தப் பொத்தான் இயர்போனுக்கு மட்டும்தான். நேரலைக்கு ஆப்பின் நகர்த்தியையோ விளையாட்டின் சொந்த ஒலி அமைப்பையோ தொட வேண்டும். மைக்கை முழு அளவிலிருந்து சற்றே இறக்கி, விளையாட்டை 25 சதவீதத்தில் வைத்தேன். ஒவ்வொரு ஆப்பிலும் இந்தச் சதவீதம் ஒரே கணக்கில் இயங்குவதில்லை என்பதால் என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் காதால் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

அளவைவிடப் பெரிய மாற்றம் தந்தது வேறொன்று. விளையாட்டின் அமைப்பில் வர்ணனை, கூட்டம், பின்னணி இசை ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவு உண்டு. அதிலிருந்த ஆங்கில வர்ணனையை முழுவதுமாக அணைத்தேன். இரண்டு மனிதக் குரல்கள் ஒரே நேரத்தில் பேசினால் எதைக் குறைத்தாலும் சொற்கள் ஒன்றையொன்று மறைக்கும். கூட்டத்தின் இரைச்சல் அப்படியில்லை. குரலுக்குப் பின்னால் அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும்.

நேரலைக்கு முந்திய நாள் இரவு, இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய ஒரு சோதனை நேரலை வைத்து, சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். அவன் கொச்சி தோப்பும்படி துறைமுகத்தில் படகில் இருந்தான். இயர்போன் இல்லாமல், போன் ஸ்பீக்கரில் கேள் என்றேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். "உங்கள் குரல் தெளிவாக இருக்கிறது அண்ணே, விசில்தான் காதைக் குத்துகிறது" என்றான். 25ஐ 20 ஆக்கினேன். என் இயர்போனில் அந்தக் குத்தல் தெரியவே இல்லை.

எல்லாம் முடிந்தது என்று எண்ணிய நாளில்தான் என் குரல் காணாமல் போனது. நண்பன் ஒருவன் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் குரல் அரட்டையைத் திறந்து, "நீயும் திற, பேசிக்கொண்டே விளையாடலாம்" என்றான். திறந்தேன். பத்து நிமிடம் கழித்து, படம் மட்டும்தான் வருகிறது, பேச்சே இல்லை என்று செய்திகள் வந்து குவிந்தன. சாதாரண ஆப் இரண்டு மைக்கைக் கேட்டால், ஆண்ட்ராய்டு அதைத் திரையில் முன்னால் இருக்கும் ஆப்புக்குக் கொடுக்கிறது. முன்னால் இருந்தது விளையாட்டு. பின்னணியில் இருந்த நேரலை ஆப்புக்கு வெறும் மௌனம் போய்க்கொண்டிருந்தது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. நேரலை ஆப்பின் மைக் அளவுமானி அசையாமல் கிடந்தது மட்டுமே அடையாளம். போன் அழைப்பு வந்தாலும் மைக் இப்படியே பறிபோகும் என்பதால், இப்போது விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு வைஃபையில் மட்டும் ஓட்டுகிறேன்.

நண்பனின் குரலுக்கு இன்னொரு வழி கண்டேன். வீட்டிலிருந்த பழைய போனில் அவனை அழைத்து, அதன் ஸ்பீக்கரை என் மார்பு மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். அவன் பேச்சு என் மைக் வழியாகவே நேரலைக்குப் போகிறது. சற்றுத் தகரக் குரலாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியூரிலிருந்து அழைத்துப் பேசுபவரின் குரலாகப் பார்ப்பவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஐபோன் வைத்திருக்கும் மைத்துனனுக்கும் அமைத்துக்கொடுத்தேன். அதில் கட்டுப்பாட்டு மையத்தில் திரைப் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரலை ஆப்களின் பட்டியல் வரும், கீழே மைக் பொத்தான் இருக்கும். அதை அவன் தொடாமல் விட்டதால் முதல் ஆட்டம் முழுவதும் பேச்சில்லாமல் போயிற்று.

தீராத குறை ஒன்று இருக்கிறது. குரலும் விளையாட்டும் கலந்து ஒரே ஒலியாகத்தான் போகின்றன. சேமித்த வீடியோவில் விசிலை மட்டும் குறைக்கவோ என் குரலை மட்டும் தூக்கவோ முடியாது. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஒரு கோல் அடித்து, உரக்கக் கத்தி, இரண்டு நிமிடம் பதிவு செய்து கேட்டுவிட்டுத்தான் நேரலையைத் திறக்கிறேன். மைக் 90, விளையாட்டு 20 என்று எழுதிய தாள் போனின் உறைக்குள் இருக்கிறது.