வேலை மாறினேன், பழைய சம்பளக் கணக்கு 1,736 ரூபாயைத் தின்றது

ஏப்ரலில் பழைய கம்பெனியை விட்டேன். புதிய இடத்தில் அவர்கள் சொன்ன வேறொரு வங்கியில் கணக்கு திறந்தாயிற்று. பழைய கணக்கில் 2,150 ரூபாயை அப்படியே விட்டு வைத்தேன், அக்டோபர் 7-ஆம் தேதி வருடாந்திர இன்ஷூரன்ஸ் பிரீமியம் 1,900 அதிலிருந்து தானாகப் போகும், அதற்குத்தான். ஜீரோ பேலன்ஸ் கணக்குதானே, கிடக்கட்டும் என்ற நினைப்பு.

அக்டோபர் 20 சாயங்காலம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது, பிரீமியம் வரவில்லையாம். ஆப்பைத் திறந்து பார்த்தால் இருப்பு 414 ரூபாய். செப்டம்பர் 5 அன்று 555 ரூபாய் 78 பைசா போயிருக்கிறது, அக்டோபர் 5 அன்று ஏறத்தாழ 590, இரண்டே நாள் கழித்து இன்னொரு 590. முதல் இரண்டும் மினிமம் பேலன்ஸ் வைக்காததற்கு. மூன்றாவது பிரீமியம் திரும்பியதற்கு, 500 ரூபாயும் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும். முதல் இரண்டையும் பிடிக்காமல் இருந்திருந்தால் பிரீமியம் திரும்பியே இருக்காது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மறுநாள் காலை கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நிதானமாகவே சொன்னார். தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் அவர்கள் சிஸ்டம் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும், எனக்கு மே, ஜூன், ஜூலை வரவில்லை, ஆகஸ்டில் மாறிவிட்டது. (எத்தனை மாதம் என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும்.) இதற்கு முன் ஒரு நண்பர், உன் பணத்தையே மாதாமாதம் அனுப்பி விவரத்தில் 'SALARY' என்று போடு, ஏமாந்துவிடும் என்று யோசனை சொல்லியிருந்தார். அதையும் கேட்டுவிட்டேன், சிரித்தார். கம்பெனியின் பெயரில் வங்கியில் ஒரு குறியீடு இருக்குமாம், அதன் வழியாக வந்தால்தான் சம்பளமாகக் கணக்காகும், நாம் விவரத்தில் என்ன எழுதினாலும் அது வெறும் எழுத்துதான்.

சரி, இப்போதே 10,000 போட்டுவிட்டால் இந்த மாதம் அபராதம் வராதல்லவா என்று கேட்டேன். வரும் என்றார். பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான், நானும் அங்கேதான் விழுந்தேன். என் வங்கி கேட்பது 10,000 ரூபாய் சராசரி மாத இருப்பு. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்கிறார்கள். அக்டோபருக்கு 31 நாள், ஆக அந்தக் கூட்டுத்தொகை 3,10,000 வர வேண்டும். என் கணக்கில் முதல் 20 நாளும் சேர்த்து ஏறக்குறைய 14,200தான் தேறியிருந்தது. மிச்சம் 2,95,800-ஐ 11 நாளில் எட்ட வேண்டுமென்றால் நாளுக்கு 26,900 ரூபாய் கணக்கில் நிற்க வேண்டும். வெறும் 10,000 போட்டிருந்தால் சராசரி 4,150 சொச்சத்தில் நின்றிருக்கும், அபராதமும் வந்திருக்கும், பணம் போட்டும் பிடித்துவிட்டார்களே என்று நான் இன்னொரு முறை சண்டைக்குப் போயிருப்பேன். அங்கேயே நின்று போனில் 26,500 அனுப்பிவிட்டு வந்தேன். இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும், மாதத் தொடக்கத்தில் 20,000 போட்டு 15 நாள் தொடாமல் வைத்தாலே 30 நாள் மாதத்தின் வேலை முடிந்தது.

அபராதம் எப்படிப் போட்டார்கள் என்றால், பற்றாக்குறையில் 6 சதவீதம், அதிகபட்சம் 500. ஆகஸ்டு முழுக்க 2,150 இருந்தது, பற்றாக்குறை 7,850, அதில் 6 சதவீதம் 471, ஜிஎஸ்டி சேர்த்தால் அந்த 555.78 வந்துவிடுகிறது. கணக்கில் தப்பில்லை. பிடித்த விதத்தில்தான் தப்பு.

ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது, 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மெயில், கடிதம் ஏதாவது ஒரு வழியில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் கட்டணம் வரும் என்று. அந்த ஒரு மாதம் போன பிறகுதான் பிடிக்கலாம். இந்தக் கட்டணத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. என் போனில் பழைய எஸ்எம்எஸ்களைத் துழாவினேன். ஆகஸ்டில் ஒன்று வந்திருக்கிறது, 'உங்கள் கணக்கு வகை மாற்றப்பட்டுள்ளது' என்று மட்டும். அதைக் கடன் விளம்பரங்களுக்கு நடுவில் நான் பார்க்கவே இல்லை, அது என் தப்பு. ஆனால் இருப்பு குறைவு, ஒரு மாதத்தில் சரிசெய் என்று ஒரு வரிகூட எதிலும் இல்லை, மெயிலிலும் தேடிவிட்டேன்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று ஆப்பிலேயே புகார் பதிந்தேன், இரண்டு தேதி, இரண்டு தொகை, சுற்றறிக்கையின் மாதமும் வருடமும், 'எனக்கு அனுப்பிய முன்னறிவிப்பின் நகலைத் தரவும்' என்று ஒரு வரி. நான்காம் நாள் பதில் வந்தது, ஆகஸ்டிலேயே எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டோம் என்று. அது கணக்கு மாறியதற்கான தகவல், இருப்புக் குறைவுக்கான அறிவிப்பு இல்லை என்று எழுதி அடுத்த நிலைக்கு, நோடல் அதிகாரிக்கு அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் இரண்டு அபராதமும் ஜிஎஸ்டியோடு திரும்பி வந்தது, 1,145 ரூபாய் 66 பைசா. அந்த நகல் கேட்ட வரிதான் வேலை செய்தது என்பது என் எண்ணம், இல்லாத ஒன்றின் நகலை அவர்களால் தர முடியாதே.

பிரீமியம் திரும்பிய 590 மட்டும் வரவில்லை. 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ cms.rbi.org.in-இல் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. நான் போகவில்லை, அலுத்துவிட்டது. பிரீமியத்தைச் சலுகைக் காலத்துக்குள் புதிய கணக்கிலிருந்து கட்டிவிட்டேன்.

அப்புறம் கணக்கை மூடிவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் வருமான வரி ரீஃபண்ட் அந்தக் கணக்குக்குத்தான் வரவேண்டியிருந்தது, பிஎஃப்-இலும் அதே எண்தான் இருந்தது. இவற்றை மாற்றாமல் மூடினால் பணம் வந்து முட்டித் திரும்பும். அப்போது கவுண்டர்காரர் அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்களேன் என்றார். அதற்கு மினிமம் பேலன்ஸே கிடையாது, டெபிட் கார்டுக்கும் வருடக் கட்டணம் இல்லை. இலவசமாக மாதம் நான்கு முறை பணம் எடுக்கலாம், எனக்கு அது ஏராளம். ஒரே நிபந்தனை, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. இதை எந்த விளம்பரப் பலகையிலும் நான் பார்த்ததில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள்.

ஒரு பக்கப் படிவம், ஆதார், பான் நகல். நவம்பர் 4 அன்று மாறிவிட்டதாக எஸ்எம்எஸ் வந்தது, இந்த முறை வந்த உடனே படித்தேன். அதுவரை அந்த 26,500-ஐத் தொடவில்லை.