கழித்தல் குறியில் ஒரு மோதல்

ஜூன் 3, 2025

கழித்தல் மட்டுமே தெரிந்த ஒரு சின்ன இலக்கணத்துக்கு இன்று தாளில் ஐட்டம் தொகுதிகள் எழுதினேன். இலக்கண விதிகளிலிருந்து பார்சரை, அதாவது உள்ளீட்டை அந்த விதிகளின்படி பகுத்துப் பார்க்கும் நிரலை, எழுதித்தரும் பைசன் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிக்கிற வேலைதான். ஆனாலும் ஒரு தடவை கையால் செய்து பார்த்தவருக்குத்தான் அதன் எச்சரிக்கைகள் முழுமையாகப் புரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

```
S → E $
E → E - n
E → n
```

n என்பது ஓர் எண், $ என்பது உள்ளீட்டின் முடிவு. ஒரு விதியின் வலப்பக்கத்தில் எங்காவது ஒரு புள்ளி வைத்தால் அது ஓர் ஐட்டம். புள்ளிக்கு முன்னால் இருப்பதைப் பார்த்தாயிற்று. பின்னால் இருப்பது இனிமேல் வரவேண்டும்.

`S → . E $` என்று தொடங்குகிறோம். புள்ளியை அடுத்து E நிற்பதால், E எப்படியெல்லாம் தொடங்கலாமோ அந்த விதிகளையும் முதலில் புள்ளி வைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் 0 ஆம் தொகுதி. பிறகு $ தவிர மற்ற ஒவ்வொரு குறியையும் தாண்டிப் புள்ளியை நகர்த்தினால் மற்றவை கிடைக்கின்றன.

```
0: S → . E $    E → . E - n    E → . n
1: S → E . $    E → E . - n
2: E → n .
3: E → E - . n
4: E → E - n .
```

புள்ளிக்கு அடுத்து ஒரு டோக்கன், அதாவது உள்ளீட்டின் ஓர் அலகு, இருந்தால் அதை எடுத்து அடுக்கில் வைக்கலாம், அது ஷிஃப்ட். புள்ளி கடைசிக்கு வந்துவிட்டால் விதி நிறைவேறிவிட்டது, அதன் வலப்பக்கத்தை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டு இடப்பக்கத்தை வைக்கலாம், அது ரெட்யூஸ். மேலே எந்தத் தொகுதியிலும் இவை இரண்டும் சேர்ந்து வரவில்லை.

ஜூன் 4

தொகுதி ஒவ்வொன்றும் ஒரு நிலை; எந்த நிலையில் எந்த டோக்கன் வந்தால் என்ன செய்வது என்பதே அட்டவணை. இன்று அந்த அட்டவணையில் `9 - 4 - 3` ஐ ஓட்டினேன். இடப்பக்கம் அடுக்கில் உள்ள நிலை எண்கள், வலப்பக்கம் மீதமுள்ள உள்ளீடு.

```
0          9 - 4 - 3 $
0 2        - 4 - 3 $
0 1        - 4 - 3 $
0 1 3      4 - 3 $
0 1 3 4    - 3 $
0 1        - 3 $
```

கடைசி இரண்டு வரிகளைக் கவனிக்க வேண்டும். நிலை 4 இல் `E → E - n` முடிந்துவிட்டது. வலப்பக்கத்தில் மூன்று குறிகள். ஆகவே மூன்று நிலைகள் வெளியே வருகின்றன. அடியில் 0 தெரிகிறது. 0 இலிருந்து E வழியாகப் போனால் 1. அந்தக் கணத்திலேயே 9 - 4 கணக்கிடப்பட்டு 5 ஆகிவிட்டது; 3 இன்னும் வாசிக்கப்படவே இல்லை. உள்ளீடு எவ்வளவு நீண்டாலும் இந்த அடுக்கு நான்கு நிலைகளுக்கு மேல் உயராது.

பார்சர் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த அம்சம். அதுவரை வாசித்ததில் தேவையான அனைத்தும் மேலே உள்ள நிலை எண்ணில் அடங்கியிருக்கிறது. அதற்கு முடிவுறு எண்ணிக்கையிலான நிலைகளே போதும் என்பதுதான் டொனால்ட் கனூத் 1965 இல் வெளியிட்ட எல்ஆர் முறையின் அடித்தளம்.

ஜூன் 6

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் தன் கணிப்பான் இலக்கணத்தைக் கொண்டுவந்தான். பைசன் `1 shift/reduce conflict` என்று எச்சரித்திருந்தது. "பிழை இல்லையே சார், எச்சரிக்கைதானே? நிரல் ஓடுகிறது" என்றான். `9 - 4 - 3` கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். 8 வந்தது.

அவனுடைய விதி `E → E - E`. எண்ணும் ஒரு E தான், தொடரும் ஒரு E தான் என்று சுருக்கமாக எழுதிவிட்டான். தொகுதிகளை இருவருமாகப் போட்டபோது கடைசியில் இது வந்து நின்றது:

```
E → E - E .
E → E . - E
```

முதல் ஐட்டம் 'முடிந்தது, ரெட்யூஸ் செய்' என்கிறது. இரண்டாவது 'இன்னொரு கழித்தல் குறி வரலாம், காத்திரு' என்கிறது. அடுக்கில் 9 - 4 இருக்கிறது, அடுத்து `-` வருகிறது. ரெட்யூஸ் செய்தால் (9 - 4) - 3, விடை 2. ஷிஃப்ட் செய்தால் 9 - (4 - 3), விடை 8. இலக்கணப்படி இரண்டும் சரி. பைசன் எழுதித்தரும் `.output` கோப்பில் இந்த நிலை இப்படித் தெரிகிறது:

```
'-'       shift, and go to state 4
'-'       [reduce using rule 1 (E)]
```

சதுர அடைப்புக்குள் இருப்பது கைவிடப்பட்ட செயல். வேறு கட்டளை இல்லாவிட்டால் ஷிஃப்ட்தான் வெல்லும். பைசனுக்கு முன்னோடியான யாக் காலத்திலிருந்தே அதுதான் வழக்கம்.

எந்த உள்ளீட்டையும் பார்க்காமல், அட்டவணை போடும்போதே இந்த மோதல் தெரிந்துவிட்டது. மோதல் என்பது உள்ளீட்டில் உள்ள குற்றம் அல்ல. ஒரே நிலை, ஒரே அடுத்த டோக்கன், இரண்டு செயல்கள்: அட்டவணையின் ஒரு கட்டத்தில் இரண்டு பதில்கள் விழுந்துவிட்டன. அவ்வளவே அதன் பொருள்.

ஜூன் 9

"அப்படியென்றால் மோதல் வந்தாலே இலக்கணம் இருபொருள் தருகிறது என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று இன்று கேட்டான். நல்ல கேள்வி. இல்லை என்று காட்ட, விதியை `E → n - E`, `E → n` என்று மாற்றி எழுதினேன். n ஐத் தாண்டியதும் கிடைக்கும் தொகுதி:

```
E → n . - E
E → n .
```

அடுத்த டோக்கனைப் பார்க்காமல் முடிவெடுத்தால் இதுவும் மோதல்தான். ஆனால் இந்த இலக்கணத்தில் ஒரு முழு E க்குப் பின்னால் $ மட்டுமே வரமுடியும். ஆகவே `-` வந்தால் ஷிஃப்ட், $ வந்தால் ரெட்யூஸ். எஸ்எல்ஆர் முறை செய்வது இதைத்தான், பைசனும் எச்சரிக்காது. (விடை இங்கேயும் 8 தான், இந்த இலக்கணம் வலமிருந்து சேர்க்கிறது. எச்சரிக்கை இல்லாததால் பொருள் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.)

அவனுடைய `E → E - E` க்கு இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே E க்குப் பின்னால் `-` உம் வரலாம், $ உம் வரலாம். எத்தனை டோக்கன்களை எட்டிப் பார்த்தாலும் ஒரே தொடருக்கு இரண்டு மரங்கள் இருப்பது மாறாது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. யாக் கோப்பின் இலக்கணமே அதற்குச் சான்று. அங்கே விதியின் இறுதியில் அரைப்புள்ளி கட்டாயமில்லை. ஆகவே ஒரு பெயர் வந்தால் அது நடப்பு விதியின் தொடர்ச்சியா, அடுத்த விதியின் தலைப்பா என்று உடனே தெரியாது. அதற்கும் அடுத்து `:` இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபொருள் இல்லை, ஆனால் இரண்டு டோக்கன்கள் தேவை. அதனால் உள்ளீட்டை டோக்கன்களாகப் பிரித்துத் தரும் லெக்சரே `:` தொடரும் பெயரைத் தனி வகை டோக்கனாக அனுப்பிவிடுகிறது.

ஜூன் 11

இலக்கணத்தைத் திருத்தினோம். `E → E - n` என்று எழுதுவது ஒரு வழி. ஆனால் பெருக்கல், வகுத்தல் எல்லாம் வரப்போவதால் விதியை அப்படியே விட்டு `%left '-'` சேர்த்தான். விதியின் கடைசி டோக்கனும் வரவிருக்கும் டோக்கனும் ஒரே முன்னுரிமை உடையவை. அப்போது சேர்க்கும் திசை முடிவு செய்கிறது. இடம் என்பதால் ரெட்யூஸ். விடை 2.

ஷிஃப்ட் வெல்லும் வழக்கம் எப்போதும் கேடு என்று சொல்லமாட்டேன். `if` க்குள் `if` வந்து ஒரே ஒரு `else` இருக்கும்போது, ஷிஃப்ட் செய்தால் அது உள்ளே இருக்கும் `if` உடன் சேரும். சி மொழி கேட்பதும் அதைத்தான். அதற்காகப் பலர் `%expect 1` என்று எழுதிவைக்கிறார்கள். எனக்கு அது போதாது: அது எண்ணிக்கையை மட்டுமே சரிபார்க்கிறது. பழைய மோதல் போய் வேறோர் இடத்தில் புதிய மோதல் வந்தாலும் எண்ணிக்கை 1 தான்.

அதனால் இலக்கணம் மாறும்போதெல்லாம் பைசன் 3.7 இல் வந்த `-Wcounterexamples` ஐயும் சேர்த்து ஓட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மோதலுக்கு ஒரே எடுத்துக்காட்டைக் காட்டி இரண்டு மரங்கள் வரைந்தால் இலக்கணம் உண்மையிலேயே இருபொருள் தருகிறது. `First example`, `Second example` என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினால், பொதுவான எடுத்துக்காட்டு அதற்குக் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது, முடிவெடுக்க எட்டிப் பார்க்கும் ஒரு டோக்கன் போதவில்லையோ என்பதை.